புது போனுக்கு வாட்ஸ்அப்: கூகுள் டிரைவா, கியூஆரா?

போன மாதம் அம்மாவுக்குப் புது போன் வாங்கினோம். பழையதும் ஆண்ட்ராய்டு, புதியதும் ஆண்ட்ராய்டு. வாட்ஸ்அப்பில் மட்டும் ஆறு வருடத்துப் பேச்சு, பேரன் வீடியோக்களோடு சேர்த்து 9 ஜிபி. "எல்லாம் டிரைவ்ல இருக்கும், அப்படியே இறங்கிடும்" என்றான் தம்பி. பழைய போனில் Settings > Chats > Chat backup திறந்து பார்த்தால், கடைசி பேக்கப் எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

காரணம் இடம். முன்பெல்லாம் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கின் இடக்கணக்கில் சேராது. 2024-இல் அது மாறிவிட்டது. இப்போது இலவச 15 ஜிபிக்குள்தான் ஜிமெயில், போட்டோஸ், வாட்ஸ்அப் மூன்றும் குடித்தனம் நடத்த வேண்டும். அம்மாவின் போட்டோக்களே 13 ஜிபியைப் பிடித்திருந்தன. 9 ஜிபி எங்கே நுழையும்?

இரண்டாவது வழி, கியூஆர் மாற்றம். இதில் கூகுள் டிரைவ் போன்ற கிளவுடே கிடையாது. இரண்டு போனும் வைஃபை வழியாக நேரே பேசிக்கொள்ளும். பழைய போனில் Settings > Chats > Transfer chats போய்த் தொடங்க வேண்டும். புதியதில் வாட்ஸ்அப் நிறுவி, அதே எண்ணை ஓடிபி போட்டு உறுதிசெய்தால், பழைய போனிலிருந்து கொண்டுவரலாமா என்று கேட்கும். சரி என்றால் புது போனில் கியூஆர் வரும், அதைப் பழைய போன் ஸ்கேன் செய்யும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு முழிப்பார்கள். இரண்டிலும் வைஃபையும் லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். முடியும்வரை வாட்ஸ்அப்பை விட்டு வெளியே போகக் கூடாது. எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு போனையும் சார்ஜரில் போட்டு, "யார் கூப்பிட்டாலும் எடுக்காதே" என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அன்று காலை வந்த செய்திவரை வந்து சேர்ந்தது. டிரைவை நம்பியிருந்தால் நான்கு மாதம் காணாமல் போயிருக்கும்.

அப்படியானால் டிரைவ் வீணா? பழைய போன் தொலைந்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ கியூஆருக்கு ஸ்கேன் செய்ய ஆளில்லை. அங்கே டிரைவ்தான் கதி. ஆனால் அதே எண் மட்டும் போதாது, பேக்கப் போன அதே கூகுள் கணக்கும் புது போனில் இருக்க வேண்டும். கடையிலேயே "பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை" என்றதும் புது ஜிமெயில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கண்டுபிடிப்பது எளிது: எண்ணை உறுதிசெய்த பிறகு பேக்கப்பின் தேதியும் அளவும் திரையில் வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாமல் நிறுத்துங்கள். போன் செட்டிங்ஸில் பழைய கணக்கைச் சேர்த்து, வாட்ஸ்அப்பை நீக்கி, மறுபடி நிறுவுங்கள்.

அவசரத்தில் Skip அழுத்திவிட்டீர்களா? என் அத்தை மகன் அழுத்தினான். காலி வாட்ஸ்அப்போடு உட்கார்ந்திருந்தவனை, அடுத்த பேக்கப் ஓடுவதற்குள் நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவச் சொன்னேன், வந்துவிட்டது. ஓடியிருந்தால் காலி வாட்ஸ்அப்பின் பேக்கப் பழையதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, டிரைவிலிருந்து எழுத்துகள் முதலில் வரும், படங்களும் வீடியோக்களும் பின்னால் மெதுவாக இறங்கும். அன்றே படம் தெரியவில்லை என்று பதற வேண்டாம். வீடியோவைச் சேர்க்கும் தேர்வு ஆஃபில் இருந்திருந்தால் மட்டும் அவை எப்போதும் வராது.

பேக்கப்பை எண்ட்-டு-எண்ட் குறியாக்கத்தில் பூட்டியிருந்தால், அதற்கு நீங்கள் வைத்த பாஸ்வேர்டோ, 64 இலக்கச் சாவியோ, கைரேகையாலோ முகத்தாலோ திறக்கும் பாஸ்கீயோ இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, வாட்ஸ்அப்பாலும்கூட. பழைய போன் கையில் இருக்கும்போதே கைரேகையோ பின்னோ போட்டுப் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம்.

ஐபோனுக்குத் தாவுகிறவர்களுக்கு டிரைவ் பேக்கப் உதவாது. ஐபோன் ஐகிளவுடை மட்டுமே பார்க்கும், அதில் இலவசம் 5 ஜிபிதான். ஆண்ட்ராய்டிலிருந்து போக 'மூவ் டு ஐஓஎஸ்' செயலிதான் வழி, அதையும் ஐபோனை முதன்முதலில் அமைக்கும்போதே செய்தாக வேண்டும்.

என் தேர்வு: பழைய போனுக்கு உயிர் இருந்தால் கியூஆர். அம்மாவின் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க இன்னும் அனுமதிக்கவில்லை. போட்டோஸில் இடம் ஒழித்து, புது போனின் Chat backup பக்கத்தில் இந்த வாரத் தேதி வந்த பிறகுதான் ரீசெட்.