ஒரு காப்பித்தூள் கடை, மூன்று விலை அறிவிப்புகள்

மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, பில் புத்தகம், இரங்கல் சுவரொட்டி என்று எல்லாம் வரும். 2025 மார்ச் மாதத்தில் ஒரு நாள், இரண்டு தெரு தள்ளிக் காப்பித்தூள் அரைத்து விற்கும் அண்ணாச்சி இரண்டு காகிதங்களோடு வந்தார். ஒன்று அவர் எழுதியது, மற்றது அவர் மகன் எழுதியது. வீட்டில் இரண்டு நாளாகச் சண்டையாம். "எது நல்லதோ அதை அடித்துக் கொடு தம்பி" என்றார்.

அண்ணாச்சி எழுதியது இது:

"அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களுக்கு, தவிர்க்க முடியாத காரணங்களாலும், மூலப்பொருள், மின்கட்டணம், வேலையாட்கள் கூலி, வாடகை, போக்குவரத்துச் செலவு ஆகியவற்றின் உயர்வாலும், மிகுந்த மன வருத்தத்துடன், வேறு வழியின்றி எங்கள் காப்பித்தூள் விலை சற்றே உயர்த்தப்படுகிறது. இதனால் ஏற்படும் சிரமத்திற்கு மன்னிப்புக் கோருகிறோம்."

மகன் எழுதியது:

"01.04.2025 முதல் 80:20 காப்பித்தூள் கிலோ ரூ. 640."

மகனுடையதை முதலில் பார்த்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. தேதி இருக்கிறது, விலை இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் இந்தப் பலகை போதும், அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை. காப்பித்தூள் கடையில் கேட்பார்கள். இருபது வருடமாகக் கால் கிலோ வாங்குகிறவர், தூள் அரைபடும் அந்த இரண்டு நிமிடமும் கல்லாவுக்கு எதிரில்தான் நிற்கிறார். பலகை சொல்லாததைக் கல்லாவில் இருப்பவர் சொல்ல வேண்டும். காலையில் அண்ணாச்சி ஒரு காரணமும் மாலையில் மகன் வேறொரு காரணமும் சொன்னால், கணவனும் மனைவியும் வீட்டில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். போதாததற்கு ஏப்ரல் 1 என்ற தேதி. அன்றைக்கு விலை கூடுகிறது என்றால் பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அண்ணாச்சியின் காகிதம் நேர் எதிர். இத்தனை வரி எழுதியும் எவ்வளவு, என்றிலிருந்து என்ற இரண்டையும் அவர் சொல்லவில்லை. "சற்றே" என்று போட்டிருந்தார். கிலோவுக்கு 80 ரூபாய் சற்றே ஆகுமா என்று கேட்டேன். அதைப் படிக்கிறவர் பத்து ரூபாய் என்று நினைத்து வருவார், கல்லாவில் கோபப்படுவார். தொகையைக் காட்டிலும் அந்தச் சொல்தான் அவரை ஏமாற்றியிருக்கும்.

"தவிர்க்க முடியாத காரணங்களால்" என்பது நம் ஊரில் கூட்டம் ரத்தானாலும், பஸ் வராவிட்டாலும், நாடகம் நின்றாலும் போடுகிற வரி. அதைப் பார்த்தாலே உண்மைக் காரணத்தை மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். "உயர்த்தப்படுகிறது" என்ற வினையும் அதே குணம் கொண்டது. யார் உயர்த்துகிறார்கள்? கடைக்காரர்தான். "உயர்த்துகிறோம்" என்று எழுதினால் ஒரு மனிதர் முடிவெடுத்திருக்கிறார் என்று தெரிகிறது, அவரிடம் காரணம் கேட்கலாம் என்றும் தெரிகிறது.

காரணங்களை ஐந்தாக அடுக்கியதுதான் பெரிய தவறு. வலுவான ஒன்றோடு நான்கு மெலிந்தவற்றைச் சேர்த்தால், வாடிக்கையாளர் மெலிந்ததைத்தான் பிடிப்பார். வாடகையா? கடை அண்ணாச்சியின் சொந்தக் கட்டடம், தெருவுக்கே தெரியும். வேலையாட்கள் கூலியா? அந்தத் தாள் ஒட்டப்போகும் சுவருக்கு அடியில் இரண்டு பேர் மிஷினில் அரைத்துக்கொண்டிருப்பார்கள். விலை ஏறியதற்கு அவர்கள் சம்பளம் காரணம் என்று ஊருக்கு அறிவிப்பதில் ஒரு அவமானம் இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

மன்னிப்பு? அண்ணாச்சிக்கு அதில்தான் பிடிவாதம். பணிவாகப் பேசாத வியாபாரம் என்ன வியாபாரம் என்றார். பணிவு வேண்டும்தான். ஆனால் சில்லறை மாறிப்போனால், எடை குறைந்தால் மன்னிப்புக் கேட்கிறோம். மன்னிப்புக் கேட்டால் தப்பு நடந்திருக்கிறது என்று பொருள், தப்பு நடந்திருந்தால் சரிசெய்ய வேண்டும். "அப்படியென்றால் எனக்கு மட்டும் பழைய விலை போடுங்கள்" என்று கேட்பவருக்கு அந்த வரியே வழக்கறிஞராக வாதாடும். ஒருவருக்குக் குறைத்தால் அடுத்த வாரம் தெருவுக்கே குறைக்க வேண்டும்.

மூன்றாவது அறிவிப்பை எழுதுவதற்கு முன்னால் கணக்கைக் கேட்டேன். 80:20 என்றால் கிலோவில் 800 கிராம் காப்பி, 200 கிராம் சிக்கரி. பச்சைக் கொட்டை வறுபடும்போது ஈரம் போய் எடை குறையும், அண்ணாச்சியின் வறுவலில் நூற்றுக்குப் பதினெட்டு. ஆக 800 கிராம் வறுத்த காப்பிக்கு ஏறக்குறைய 975 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். கடைசியாக விலை வைத்தபோது அவர் கலவைக்கு வாங்கிய கொட்டை சராசரியாகக் கிலோ 360 ரூபாய், இப்போது 450. ஏறிய 90 ரூபாயில் 88 ரூபாய் ஒரு கிலோ தூளில் வந்து விழுகிறது. அவர் கூட்டியது 80. மற்றச் செலவுகளைத் தொடவே இல்லை. இவ்வளவு சுத்தமான காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மின்கட்டணத்தின் பின்னால் ஒளிந்திருக்கிறார்.

கொட்டை விலை ஏறியதற்குப் பிரேசில் வறட்சியைக் காரணமாக எழுதலாம் என்றேன். இந்த இடத்தில் மகன் ஒரு நல்ல கேள்வி கேட்டார். நாம் வாங்குவது தாண்டிக்குடிப் பக்கத்துக் கொட்டை, பட்டிவீரன்பட்டியிலிருந்து வருகிறது. பிரேசிலில் மழை இல்லை என்று எழுதினால் சிரிக்க மாட்டார்களா? சிரிப்பார்கள், பாதியைச் சொன்னால். மீதிப் பாதி இது: இந்தியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. வெளிநாட்டு வியாபாரி தரும் விலைக்குக் குறைத்துக் கீழ்ப்பழனி மலைத் தோட்டக்காரர் உள்ளூருக்குத் தர மாட்டார். பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்து, பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியபோது, அதன் பின்னாலேயே இங்கும் ஏறியது. அதைச் செய்தித்தாளில் எவரும் சரிபார்க்கலாம். "விலைவாசி உயர்வு" என்பதை எதில் சரிபார்ப்பது?

நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதிய தாள் இது:

"ஏப்ரல் 7, திங்கள் முதல் 80:20 காப்பித்தூள் கிலோ ரூ. 560-லிருந்து ரூ. 640 ஆக உயர்த்துகிறோம். கால் கிலோவுக்கு ரூ. 20 கூடுகிறது. பிரேசில், வியட்நாம் வறட்சியால் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியிருக்கிறது. நம் மலைத் தோட்டங்களும் அந்த விலைக்கே கொட்டை விற்கின்றன. கொட்டையின் தரமும் 80:20 கலவையும் மாறவில்லை. ஏப்ரல் 6 வரை பழைய விலை. அதுவரை பணம் கட்டிய ஆர்டர்களுக்கும் பழைய விலையே."

கால் கிலோ வரியை அண்ணாச்சிதான் சேர்க்கச் சொன்னார். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கால் கிலோ வாங்குகிறவர்கள், அவர்கள் கையிலிருந்து போவது இருபது ரூபாய்தான். "88 ஏறியது, 8 ரூபாயை நாங்களே தாங்குகிறோம்" என்றும் போடச் சொன்னார். அதை நான் எடுத்துவிட்டேன். உண்மைதான், ஆனால் அதைப் படிக்கிறவர் மீதிக் கணக்கையும் கேட்பார். "விலை இறங்கினால் நாங்களும் இறக்குவோம்" என்ற வரியும் வந்து போனது. காப்பிச் சந்தை வாரத்துக்கு வாரம் ஆடுவது, கடையின் கையிருப்போ ஒன்றரை மாதத்துக்கு முன் வாங்கியது. செய்தித்தாளில் நான்கு நாள் இறங்கினாலும் தாளைக் காட்டிக் கேட்பார்கள்.

ஒட்டுவதற்கு முன் ஒரு சிக்கல் முளைத்தது. எதிரில் அரைத்துத் தரும் தூளுக்குப் பலகை விலைதான். அலமாரியில் இருக்கும் 200 கிராம் பாக்கெட்டுகளில் அதிகபட்சச் சில்லறை விலை அச்சாகியிருக்கிறது. அதற்கு மேல் விற்கக் கூடாது, கூடுதல் விலை ஸ்டிக்கரை மேலே ஒட்டவும் எடையளவுச் சட்டம் விடாது. பழைய பாக்கெட் தீரும்வரை பழைய விலைதான். அதனால் ஏப்ரல் 7-க்குள் தீரக்கூடிய அளவே பாக்கெட் கட்டுவது, புதிய கவர்களை நான் அடித்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது, அறிவிப்பே தேவைப்படாத வழி. 80:20-ஐ 65:35 ஆக்கிவிட்டுப் பழைய விலையிலேயே விற்பது. சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் விதி, ஆகவே 65:35 செல்லும். செல்லாதது அதை 80:20 என்று சொல்லி விற்பது. அதோடு பிடிபடுவதும் எளிது. சிக்கரி கூடினால் டிகாக்ஷன் கெட்டியாகவும் கறுப்பாகவும் இறங்கும், மணம் குறையும், அடியில் ஒரு இனிப்பு கலந்த கசப்பு நிற்கும். குளிர்ந்த நீரில் ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தால் காப்பி கொஞ்ச நேரம் மிதக்கும், சிக்கரி சீக்கிரம் இறங்கிப் பழுப்பாகக் கோடு விடும். அண்ணாச்சி அந்த வழியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. 65:35-ஐத் தனிப் பெயரில், குறைந்த விலையில் வைத்தால் அது நேர்மையான சரக்கு. அதைப் பலகையில் இரண்டாவது வரியாகப் போட்டோம்.

டீக்கடைக்காரர்களுக்கு இந்தத் தாள் போதாது. மாதம் பத்து, பதினைந்து கிலோ பற்றில் எடுப்பவர்கள், சுவரைப் படிக்க வர மாட்டார்கள், பையனைத்தான் அனுப்புவார்கள். பற்றுச் சீட்டோடு ஒரு துண்டுத் தாள் தனியாக அடித்தோம். அதில் பிரேசில் கதை ஒரு வரிதான். முக்கியமாகச் சொன்னது வேறு: கோப்பைக்குப் பத்து கிராம் போட்டால் கிலோவுக்கு நூறு கோப்பை, ஆகவே கோப்பைக்கு 80 பைசா கூடுகிறது. அவர்களுக்கும் அவர்கள் பலகையை மாற்ற வேண்டும், அதற்கு இந்தக் கணக்கு வேண்டும். தேதியும் ஏப்ரல் 15 என்று தள்ளி வைத்தோம்.

ஏப்ரல் 7 காலையில் பேப்பர் வாங்கப் போகிறபோது கடையை எட்டிப் பார்த்தேன். ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தாளை முழுவதும் படித்தார். "வறட்சி அங்கே, வயிற்றெரிச்சல் இங்கேயா?" என்றார். அண்ணாச்சி "ஆமாம் ஐயா" என்றார், அவ்வளவுதான். பெரியவர் கால் கிலோவுக்கு 160 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, கொஞ்சம் பொடியாக அரைக்கச் சொன்னார்.