தூக்கிய கையை இறக்கித் தருகிறோம் என்றார்கள்: தர்மபுரியில் தாத்தா படத்துக்கு நேர்ந்தது

தாத்தாவின் 16ஆம் நாள் காரியத்தில் படத்திறப்புக்காக ஒரு படம் தேவைப்பட்டது. நல்ல முகத்தோடு இருந்தது ஒன்றே ஒன்று. கல்யாண மண்டபத்தில் வலது கையை உயர்த்தி அட்சதை போடும்போது எடுத்தது. பெரியப்பா அதைத் தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தார். "கையை இறக்கி, தனியாக நிற்பது போல ஆக்கிவிடலாம், சின்ன வேலைதான்" என்று சொல்லி 1,800 ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். பில் இல்லை. காரியத்தன்று காலையில்தான் பிரேம் போட்டுக் கொடுத்தார்கள்.

நான் ஓசூரில் ஆல்பம் டிசைன் வேலை செய்கிறேன். படத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. தாத்தா வலது தோளை மட்டும் குலுக்கிக்கொண்டு நிற்கிறார். கை அந்தத் தோளிலிருந்து தனியாகத் தொங்குகிறது.

அவர்கள் செய்தது இதுதான். போட்டோஷாப்பில் கையைத் தோள் ஓரத்தில் வெட்டி, Ctrl+J போட்டுத் தனி லேயர் ஆக்கி, கீழே திருப்பி வைத்து, வெட்டுத் தெரியாமல் இருக்க, பக்கத்து இடத்தை நகலெடுத்துப் பூசும் Clone Stamp வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். தோளை அவர்கள் தொடவே இல்லை. கையைத் தூக்கினால் கை மட்டும் ஏறுவதில்லை. தோள்பட்டை எலும்பும் சேர்ந்து திரும்புகிறது. தலைக்கு மேல் முழுதாகத் தூக்கும்போது மூன்றில் ஒரு பங்கு அசைவு அந்த எலும்பால்தான் வருகிறது. அதனால் கழுத்திலிருந்து தோள் வரை உள்ள கோடு மேலே ஏறி, அங்கே சதை குவிந்து நிற்கும். கையை இறக்கும்போது அந்தக் கோட்டையும் இறக்கவில்லை என்றால் எவ்வளவு தேய்த்தாலும் சரியாக வராது.

சட்டையும் அப்படித்தான். தாத்தா போட்டிருந்தது கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. கை உயரும்போது சட்டைக்கை தோள் பக்கம் சரிந்து சுருங்கும், அக்குளிலிருந்து பட்டன் பட்டி வரை சாய்வாக இழுப்பு மடிப்புகள் விழும். இந்தப் படத்தில் கை கீழே இருக்கிறது, மடிப்புகள் இன்னும் மேலே இழுக்கின்றன. அக்குளில் கட்டங்கள் கரைந்து சாம்பல் பூசியது போல இருக்கிறது.

முழங்கைக்குக் கீழே இன்னும் மோசம். உயர்த்திய கையில் உள்ளங்கை நம்மைப் பார்த்து இருந்தது. அப்படியே திருப்பியதால் தொங்கும்போதும் உள்ளங்கை நம்மைப் பார்க்கிறது, கட்டைவிரல் வெளிப்பக்கம் நிற்கிறது. சும்மா நிற்கிற ஆளுக்கு உள்ளங்கை தொடையைப் பார்த்துத்தான் இருக்கும். வீடியோ விளக்கு, படத்தைப் பார்க்கும் நமக்கு வலப்பக்கத்திலிருந்து அடித்த படம் இது. வெட்டி வைத்த கையில் மட்டும் வெளிச்சம் நமக்கு இடப்பக்க விளிம்பில் விழுகிறது. பின்னால் இருந்த திரையில் உயர்த்திய கையின் நிழலை அழிக்கவே இல்லை.

அன்று மாலை பெரியப்பா போனில் இருந்த மூலப் படத்தை எடுத்து நானே மறுபடி செய்தேன். முதலில் தோள். தாத்தாவின் இடது தோளையும் சட்டைக்கையையும் நகல் எடுத்து, இடம் வலமாகத் திருப்பி, அவருடைய வலது தோள் இருந்த இடத்தில் வைத்தேன். அப்படித் திருப்பினால் வெளிச்சமும் மாறிவிடும், அதனால் வெளி விளிம்பைக் கருமையாக்க வேண்டியிருந்தது. கட்டங்களைத் தோள் தையல் கோட்டில் ஒன்றோடொன்று சேர்த்தேன். பிறகு மேல்கையை மட்டும் மூலத்திலிருந்து எடுத்து, திருப்பும் மையத்தைத் தோள் மூட்டில் வைத்து Ctrl+T-யில் இறக்கினேன். முன்கையும் விரல்களும் அதே மண்டபத்தில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து வந்தவை. முழங்கை இடுப்பு மட்டத்திலும் விரல் நுனி தொடையின் நடுவிலும் வருகிறதா என்று பார்த்து நீளத்தைச் சரி செய்தேன். இழுப்பு மடிப்புகளை அழித்து நேராக விழும் மடிப்புகளை வரைந்ததற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அரை நாள் வேலை. "சின்ன வேலை" என்று யாராவது சொன்னால் அவருக்குத் தோளைக் கட்டத் தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோவில் போய்க் கேட்டபோது, "ஒரிஜினலிலேயே தோள் அப்படித்தான் இருந்தது" என்றார்கள். லேயர் பிரிந்த பைலைக் கேட்டால் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். பணம் திரும்ப வரவில்லை.

இந்த மாதிரி வேலை கொடுப்பவர்கள் பிரிண்ட் போடும் முன் கணினித் திரையில் 100 சதவீத அளவில் காட்டச் சொல்லுங்கள். முதலில் இரண்டு தோளின் உயரத்தை ஒப்பிடுங்கள், அப்புறம் அக்குள், அப்புறம் கட்டைவிரல். பாதிப் பணம் மட்டும் முன்னால் கொடுங்கள், பில் வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். பணம் கொடுத்ததற்குக் காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.