கனெக்ட் ஃபோர்: பல ஆண்டு ஆட்டத்தில் ஒற்றைப்படை மிரட்டல் கற்பித்தவை

தி.நகரில் வாங்கிய ஒரு சாதாரண பிளாஸ்டிக் கனெக்ட் ஃபோர் பலகை பல ஆண்டுகளாக எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் அக்கா மகனும் நானும் எதிரெதிரே அமர்ந்து ஆடுவோம். ஏழு நிரல்கள், ஆறு அடுக்குகள், ஆளுக்கு 21 காய்கள் என்பதுதான் மொத்த அமைப்பு. மேலிருந்து போடும் காய் அந்த நிரலில் காலியாக உள்ள மிகக் கீழ்க் கட்டத்தில் விழும்; தன் நான்கு காய்களை முதலில் ஒரே கோட்டில் சேர்ப்பவர் வெல்வார். பலகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: சமதளமான மேசையில் வைத்தால் அசையாமல் நிற்கிறது, காய்கள் சிக்காமல் விழுகின்றன, வண்ணமும் மங்கவில்லை. நான் எழுத விரும்புவது இந்த ஆட்டம் நீண்ட காலப் பழக்கத்தில் எப்படித் திறந்துகொள்கிறது என்பதைத்தான். குறிப்பாக, மூன்று காய்கள் சேர்ந்து நான்காவது கட்டம் காலியாக நிற்கும் நிலையை, அதாவது மிரட்டலை, கட்டாய வெற்றியாக மாற்றுவது எப்படி என்பதை.

கீழிருந்து மேலாக அடுக்குகளையும் இடமிருந்து வலமாக நிரல்களையும் எண்ணிக்கொள்வோம். முதலில் ஆடுபவர் சிவப்பு, அடுத்தவர் மஞ்சள். சிவப்புக்கு ஆறாம் நிரலின் இரண்டாம், மூன்றாம் அடுக்குகள் இரண்டுமே வெற்றிக் கட்டங்களாக இருந்து, அந்த நிரல் முழுவதும் காலியாக இருந்தால் ஆட்டம் அங்கேயே தீர்ந்துவிட்டது. சிவப்பு தானே ஆறாம் நிரலில் ஒரு காயைப் போடும். மஞ்சள் இரண்டாம் அடுக்கை அடைத்தே ஆக வேண்டும். அந்த அடைப்பே மூன்றாம் அடுக்குக்கு மேடையாகிவிடும். மஞ்சளுக்கு வேறெங்காவது ஒரே காயில் வெற்றி இருந்தால் மட்டுமே இதிலிருந்து தப்ப முடியும். இந்த அடுக்கு மிரட்டலைச் சில வாரங்களிலேயே எவரும் கற்றுக்கொள்வார்கள், அதைத் தடுக்கவும் கற்றுக்கொள்வார்கள். ஆகவே சம பலமுள்ள இருவருக்கிடையே இது அரிதாகவே அமையும்.

பழகிய இருவருக்கிடையே ஆட்டத்தைத் தீர்மானிப்பது யாரும் தொடத் துணியாத ஒற்றைக் காலிக் கட்டம்தான். ஆறாம் நிரலின் மூன்றாம் அடுக்கு சிவப்பின் மிரட்டல் என்றால், அதற்குக் கீழே இரண்டாம் அடுக்கில் மஞ்சள் காய் போட முடியாது. அதை அப்படியே விட்டு இருவரும் மற்ற நிரல்களை நிரப்பிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு நிரலிலும் ஆறு கட்டங்கள், அதாவது இரட்டைப்படை எண்ணிக்கை. ஆறு நிரல்கள் நிரம்பினால் 36 காய்கள் விழுந்திருக்கும், ஆடும் முறை சிவப்புடையதாக இருக்கும். சிவப்பு முதல் அடுக்கிலும் மஞ்சள் இரண்டாம் அடுக்கிலும் போட நேரும், மூன்றாம் அடுக்கு சிவப்புக்குக் கிடைக்கும். சதுரங்கம் பழகியவர்கள் சுக்ஸ்வாங் என்று சொல்லும், ஆடியே ஆக வேண்டிய கட்டாயம் ஒருவரைத் தோற்கடிக்கும் நிலை இதுவே. இதனால்தான் மூன்றாம், ஐந்தாம் அடுக்குகளில் அமையும் ஒற்றைப்படை மிரட்டல்கள் சிவப்புக்கும், இரண்டாம், நான்காம், ஆறாம் அடுக்குகளில் அமையும் இரட்டைப்படை மிரட்டல்கள் மஞ்சளுக்கும் மதிப்புடையவை. சிவப்பு எங்கே போட்டாலும் மஞ்சள் அதே நிரலில் மேலே போட்டுக்கொண்டே போனால், இரட்டைப்படை அடுக்குகள் எல்லாம் மஞ்சளுக்குத் தானாகவே வந்து சேரும். ஆகவே நல்ல ஒற்றைப்படை மிரட்டல் எதுவும் இல்லாத சிவப்பு, ஆட்டத்தின் இறுதிக்குப் போகக்கூடாது.

இரு தரப்புக்கும் மிரட்டல் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்த இடம், இன்றும் என்னை மிகவும் ஈர்க்கும் இடமும் அதுவே. ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். இரண்டாம், ஆறாம் நிரல்கள் முற்றிலும் காலி; மற்ற ஐந்தும் நிரம்பிவிட்டன. மூன்றாம் அடுக்கில் நான்கு, ஐந்து, ஏழாம் நிரல்களில் சிவப்பு இருக்கிறது, ஆறாம் நிரல் மட்டும் குறை. இரண்டாம் அடுக்கில் ஒன்று, மூன்று, நான்காம் நிரல்களில் மஞ்சள் இருக்கிறது, இரண்டாம் நிரல் மட்டும் குறை. வேறு மிரட்டல் எதுவும் இல்லை. விழுந்த காய்கள் 30, ஆட வேண்டியது சிவப்பு.

சிவப்பு இரண்டாம் நிரலில் போட்டால் மஞ்சள் உடனே அதன் மேல் போட்டு வென்றுவிடும். ஆகவே ஆறாம் நிரலின் அடியில் போடுகிறது. மஞ்சள் அதன் மேல் போட்டால் சிவப்பு மூன்றாம் அடுக்கில் வெல்லும். எனவே மஞ்சள் வேறு வழியின்றித் தன் சொந்த மிரட்டலுக்குக் கீழேயே, இரண்டாம் நிரலின் அடியில், போட வேண்டியிருக்கிறது. சிவப்பு அந்த மிரட்டலை அடைக்கிறது. மிச்சமுள்ள நான்கு கட்டங்களையும் மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று நிரப்பியதும் இரண்டாம் நிரல் முடிந்துவிடும். மீண்டும் மஞ்சளின் முறை. ஆறாம் நிரலின் இரண்டாம் அடுக்கைத் தவிர வேறு இடமே இல்லை. 39ஆவது காயில் சிவப்பு வெல்கிறது. மஞ்சளின் மிரட்டல் கீழடுக்கில் இருந்தும் பயன்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதே நிலையில் மஞ்சளின் குறைக் கட்டத்தை மட்டும் இரண்டாம் நிரலின் மூன்றாம் அடுக்குக்கு மாற்றிப் பாருங்கள். சிவப்பு ஆறாம் நிரலின் அடியிலும் மஞ்சள் இரண்டாம் நிரலின் அடியிலும் போட்டபின், சிவப்பு எந்த நிரலில் அடுத்த காயைப் போட்டாலும் ஒரு மிரட்டலைத் தானே இழக்க வேண்டும், அல்லது தோற்க வேண்டும். சிவப்பு தன் மிரட்டலின் கீழ் போட, மஞ்சள் அதை அடைக்க, அந்த நிரல் நிரம்பியபின் மஞ்சள் இரண்டாம் அடுக்கில் போட நேர்கிறது. சிவப்பு மூன்றாம் அடுக்கை அடைக்கிறது. ஆட்டம் சமன். ஆகவே மஞ்சள் ஆடுபவருக்கு, எதிராளியின் ஒற்றைப்படை மிரட்டலை முறிக்க வேறொரு நிரலில் தனக்கும் ஓர் ஒற்றைப்படை மிரட்டல் தேவை. இரட்டைப்படை மிரட்டல் ஒன்று வைத்திருப்பதால் மட்டும் அது நடக்காது. இதை அறியாமல் மஞ்சளில் இரட்டைப்படை மிரட்டலைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரே நிரலில் நிலைமை வேறு. சிவப்பின் மூன்றாம் அடுக்கு மிரட்டலுக்கு நேர் கீழே இரண்டாம் அடுக்கில் மஞ்சளுக்கு மிரட்டல் இருந்தால், இறுதியில் சிவப்புதான் முதல் அடுக்கில் போட நேரும், மஞ்சள் வெல்லும். கீழே இருப்பது எப்போதும் முன்னதாகத் தீர்ப்பளிக்கிறது. எனவே மிரட்டல் கிடைத்தவுடன் அந்த நிரலின் கீழ்க் கட்டங்களில் எதிராளிக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

“மாமா, நீங்க அந்தப் பக்கம் போடவே மாட்டேங்கிறீங்களே, ஏன்?” என்று அக்கா மகன் ஒருநாள் கேட்டான். காலியாக இருந்த நிரலைக் காட்டி, மற்ற காலிக் கட்டங்களை எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்ததும் அவன் கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தான். அன்றுமுதல் அவன் மூன்றாம் அடுக்கை எனக்கு எளிதில் விட்டுத்தருவதில்லை. எங்கள் ஆட்டங்கள் அதன்பின் மிகவும் நீண்டுவிட்டன.

இந்த ஆட்டம் 1988இல் ஜேம்ஸ் ஆலன், விக்டர் ஆலிஸ் ஆகிய இருவராலும் தனித்தனியே முழுமையாகத் தீர்க்கப்பட்டது. நடு நிரலில் தொடங்கும் சிவப்பு பிழையின்றி ஆடினால் வெல்லும்; நடுவை ஒட்டிய இரு நிரல்களில் தொடங்கினால் சமன்; வெளிப்புற நான்கு நிரல்களில் தொடங்கினால் மஞ்சளுக்கு வெற்றி. விடை தெரிந்த ஆட்டம் சலிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்குச் சலிக்கவில்லை, ஏனெனில் நடுவில் தொடங்கியும் பிழையற்ற எதிர்ப்புக்கு எதிரே வெற்றி 41ஆவது காய்வரை தள்ளிப்போகலாம். அந்த நீண்ட வழியை மனப்பாடம் செய்து ஆட மனிதரால் ஆகாது. இரண்டு நிரல்கள் மிஞ்சும்போது யாருடைய முறை என்று கணக்கிட மட்டும் பழகிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. பலகை பாதிகூட நிரம்பாத நிலையில் புதிய மிரட்டல்கள் பிறந்துகொண்டே இருக்கும், ஆகவே அப்போது செய்யும் கணக்கு அடுத்த சில காய்களிலேயே தலைகீழாகலாம். காலி நிரல்கள் மூன்றாகக் குறைந்தபின்தான் நான் அதை நம்பி ஆடுகிறேன்.