“நூறு சதவீதம் மெரினோ” என்று சொல்லி ₹4,850 வாங்கினார்கள், வந்தது அக்ரிலிக்

பின்னல் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ₹4,850 கொடுத்து மெரினோ கம்பளி நூல் என்று வாங்கினேன். அது கம்பளியே இல்லை என்று நேற்று இரவு தெரிந்தது. கேட்டதற்குக் கிடைத்த பதில்களைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. கடையின் பெயரை எழுதவில்லை. சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து, “இறக்குமதி நூல்” என்று படம் போட்டு, செய்தியில் ஆர்டர் எடுத்து, யுபிஐ-யில் பணம் வாங்கும் வகைக் கடை அது. நம்மில் பலர் அப்படித்தானே வாங்குகிறோம்.

அம்மா குன்னூரில் இருக்கிறார். மார்கழிக் குளிருக்கு ஒரு நீளச் சால்வை பின்னித் தரலாம் என்று தொடங்கினேன். அகலம் ஒரு முழத்துக்கு மேல், எல்லா வரிசையும் நிட். ஸ்வெட்டராக இருந்தால் நூல் தீரும்போது வரிசையின் ஓரத்தில் புது உருண்டையைத் தொடங்கிவிடலாம், தையலுக்குள் முனைகள் மறைந்துவிடும். சால்வைக்குத் தையல் கிடையாது. ஓரம் நான்கும் கண்ணுக்குத் தெரியும், பின்பக்கமும் தெரியும். ஓரத்தில் நூலை மாற்றினால் அங்கே கண்ணி தளர்ந்து தொங்கும். அதனால் வரிசையின் நடுவில், இணைத்த இடமே தெரியாதபடி சேர்க்க வேண்டும். அதற்கு, இரண்டு முனைகளையும் எச்சிலால் நனைத்துத் தேய்த்து ஒன்றாக்கும் எச்சில் ஒட்டைவிட நல்ல வழி கிடையாது. அந்த ஒட்டுக்குப் பதப்படுத்தாத, அதாவது சூப்பர்வாஷ் செய்யாத கம்பளி வேண்டும். மலிவான நூல் எத்தனையோ இருக்க, ₹4,850 கொடுத்து இதை வாங்கியதே அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

வாங்கும் முன்பே தெளிவாகக் கேட்டேன். “இது சூப்பர்வாஷ் இல்லைதானே? எச்சில் வைத்துத் தேய்த்தால் பிடிக்குமா?” குரல் பதிவில் பதில் வந்தது: “சூப்பரா பிடிக்கும் சிஸ். நூறு சதவீதம் மெரினோ. இதே நூல்லதான் என் பையனுக்கு ஸ்வெட்டர் போட்டேன், ஒரு முடிச்சு கிடையாது.” தன் பிள்ளைக்கே போட்டேன் என்று ஒரு பெண் சொல்லும்போது அதற்குமேல் என்ன கேட்பது? உடனே ₹4,850 அனுப்பினேன். ஐம்பது கிராம் உருண்டைகள் பத்து வந்தன. தொட்டால் மெத்தென்று இருந்தன. லேபிளில் ஆட்டுப் படம், வண்ண எண், அவ்வளவுதான். எந்த இழை எத்தனை சதவீதம் என்ற வரி இல்லை.

முதல் உருண்டை வரிசையின் நடுவில் தீர்ந்தது. எப்போதும் செய்வதுபோலவே செய்தேன். பழைய முனையையும் புது முனையையும் நான்கு விரல் நீளத்துக்குப் புரி பிரித்தேன். இது நான்கு புரி நூல், அதனால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு புரியைக் கத்தரித்தேன். அப்போதுதான் இரண்டும் சேரும் இடத்தில் பழையபடி நான்கு புரியே வரும், இல்லாவிட்டால் அங்கே நூல் இரட்டைத் தடிமனாகிவிடும். கத்தரிக்கும்போது இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டாமல் சற்று முன்பின்னாக வெட்ட வேண்டும், பருமன் மெதுவாகக் குறையும். அப்புறம் இரண்டு முனைகளையும் எதிரெதிராக ஒன்றின்மேல் ஒன்று படுக்க வைத்து, எச்சிலால் நன்றாக நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்திச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். எச்சில் பிடிக்காதவர்கள் வெதுவெதுப்பான நீர் வைக்கலாம், வேலை ஒன்றுதான்.

கம்பளியாக இருந்தால் அரை நிமிடத்துக்குள் கையில் தெரிந்துவிடும். முதலில் வழுக்கும், அப்புறம் ஒரு பிடிப்பு வரும், நூல் உருண்டு இறுகும், ஈர ஆட்டு வாசனை அடிக்கும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் உராய்வும் சேரும்போது இழைகள் நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மாட்டிக்கொள்கின்றன. மறுபடி பிரிக்க முடியாது. இழுத்துப் பார்த்தால் நூலின் மற்ற பகுதியைப் போலவே தாங்கும்.

இந்த நூல் கை சிவக்கத் தேய்த்தும் பிடிக்கவில்லை. ஈரம் காய்ந்ததும் புரிகள் பஞ்சுபோல விரிந்து நின்றன. லேசாக இழுத்தேன், வெண்ணெயிலிருந்து உருவியதுபோல இரண்டும் பிரிந்து வந்தன. வாசனையும் இல்லை.

உடனே கடைக்கு எழுதினேன். முதல் பதில்: “நீங்க சரியா தேய்க்கல சிஸ்.” என்னிடம் பழைய நாட்டுக் கம்பளி நூல் கொஞ்சம் இருந்தது. அதே கை, அதே நீர், அதே தேய்ப்பு. அது கயிறாக இறுகிவிட்டது, இது இறுகவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பினேன்.

அடுத்த பதில்: “சப்ளையர் சூப்பர்வாஷ் அனுப்பியிருப்பார், அதுவும் ப்யூர் ஊல்தான்.” இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் இங்கேயே விட்டுவிடுவார்கள். சூப்பர்வாஷ் என்பது இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காத கம்பளி. குளோரின் கொண்டு செதில்களின் விளிம்பை மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சு கொடுப்பது வழக்கமான முறை. செதில் இல்லையென்றால் மாட்டிக்கொள்ளவும் எதுவும் இல்லை, அதனால் அதுவும் எச்சில் ஒட்டில் பிடிக்காது. ஆக, ஒட்டு பிடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து அக்ரிலிக் என்று சொல்ல முடியாது. ஆனால் சூப்பர்வாஷும் எரித்தால் முடிபோலத்தான் எரியும்.

எரித்துப் பார்த்தேன். எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் தண்ணீர், இடுக்கியில் ஒரு விரல் நீள நூல். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், மிஞ்சும் கரி விரலில் பொடியாகும். இந்த நூல் உருகிச் சொட்டியது, தீயை எடுத்த பிறகும் எரிந்தது, ஆறியபோது கறுப்பாகக் கெட்டியான மணி ஒன்று மிஞ்சியது. நகத்தால் உடைக்க முடியவில்லை. அந்தப் படத்தையும் அனுப்பினேன்.

“கொஞ்சம் மிக்ஸ் இருக்கலாம் சிஸ்” என்றார்கள். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் தண்ணீர் கலக்காத ப்ளீச் ஊற்றி, ஒன்றில் என் பழைய கம்பளியையும் மற்றதில் இந்த நூலையும் போட்டு ஜன்னலைத் திறந்து வைத்தேன். ப்ளீச் கம்பளியைக் கரைத்துவிடும், அக்ரிலிக்கை ஒன்றும் செய்யாது. கலப்பு நூலாக இருந்தால் கம்பளிப் பங்கு மட்டும் போய் நூல் மெலிந்து நிற்கும். காலையில் பழைய நூல் இருந்த கிண்ணத்தில் நூலே இல்லை. இது நிறம் மட்டும் மங்கி, போட்ட பருமனிலேயே கிடந்தது. பெயருக்குக்கூடக் கம்பளி சேர்க்கவில்லை!

அதற்கு வந்த பதிலைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. “எல்லாரும் இதை ஊல்னுதான் சொல்வாங்க மேடம்.” அதுவரை சிஸ், அந்த நிமிடத்திலிருந்து மேடம். “பிரிச்ச உருண்டையை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.” பிரிக்காத எட்டு உருண்டைகளையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “ஏழு நாள் முடிஞ்சிடுச்சு.” மெரினோ என்று சொன்ன அவர்கள் குரல் பதிவையே அவர்களுக்குத் திருப்பி அனுப்பினேன். படித்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. சிறிது நேரத்தில் என்னைத் தடுத்துவிட்டார்கள். ₹4,850 அவர்களிடம், ஒன்பது உருண்டை பிளாஸ்டிக் என்னிடம்.

இந்த நூலை நெய்து சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். சேர்க்கலாம், அக்ரிலிக்குக்கும் சூப்பர்வாஷுக்கும் அதுதான் வழி. பழைய நூலில் எட்டுக் கண்ணிக்கும் ஒரு சாண் வாலுக்கும் மிச்சம் இருக்கும்போது புது நூலை, அதிலும் ஒரு சாண் வால் விட்டு, பின்னலின் பின்பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும். ஒரு கண்ணி போடும்போது பழைய நூல் அதன் மேலாகப் போகும், அடுத்த கண்ணிக்கு அடியாகப் போகும். இப்படி மாறி மாறி எட்டுக் கண்ணி போட்டால் புது நூல் பின்பக்கத்தில் நெய்யப்பட்டுவிடும். அப்புறம் புது நூலால் பின்னிக்கொண்டே பழைய வாலை அதேபோல் எட்டுக் கண்ணிக்கு நெய்ய வேண்டும். முடிச்சே வேண்டாம். வாலை இழுத்துப் பிடித்தால் முன்பக்கம் சுருங்கும், தளர்வாக விட்டால் முன்னால் எட்டிப் பார்க்கும், ஒரே சீராக விட வேண்டும். வழுக்கும் நூலில் வாலை ஒட்ட வெட்டக் கூடாது. இரண்டு விரல் மிச்சம் வைத்து, ஒருமுறை துவைத்து, நூல் தன் இடத்தில் அமர்ந்த பிறகு வெட்ட வேண்டும்.

ஸ்வெட்டரின் உட்புறத்துக்கு இது அருமையான முறை, நானே நிறைய செய்திருக்கிறேன். ஆனால் இரண்டு பக்கமும் தெரியும் சால்வையில், இணைத்த இடத்தில் ஒரு பக்கம் பதினாறு கண்ணி நீளத்துக்குத் தடித்த வரி விழும். போதாக்குறைக்கு இந்த உருண்டைகளுக்குள்ளேயே ஆலை முடிச்சுகள் இருக்கின்றன. இரண்டாவது உருண்டையைப் பிரித்துச் சுற்றிப் பார்த்ததில் இரண்டு முடிச்சு. ஒவ்வொன்றையும் வெட்டிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு தடித்த வரி. இந்த நூலில் அம்மாவுக்குச் சால்வை கிடையாது. கம்பளி குன்னூர்ப் பனியின் ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டும் உடம்பைச் சூடாக வைக்கும், அக்ரிலிக் அப்படி ஈரத்தை உள்ளே வாங்காது. அடுப்பருகே நிற்கிற வயதானவர் தோளில் உருகிச் சொட்டும் நூலைப் போர்த்த எனக்கு மனமில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். குரல் பதிவு, பணம் அனுப்பிய ரசீது, வீடியோ எல்லாம் தயாராக இருக்கின்றன. நூல் வாங்குவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவை மட்டும்.

இழைச் சதவீதம் அச்சிடாத லேபிளுக்குக் கம்பளி விலை கொடுக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு உருண்டை வாங்குங்கள், வந்த அன்றே ஒரு முழம் வெட்டித் தேய்த்துப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் எரித்துப் பாருங்கள். ப்ளீச் வைத்துப் பார்ப்பதென்றால் வினிகரோ கழிவறை அமிலமோ அருகில்கூட இருக்கக் கூடாது, நச்சு வாயு வரும். மீதியை அதற்கப்புறம் ஆர்டர் செய்யுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். விற்பவர் சொன்னதை எழுத்திலோ குரலிலோ சேமித்து வையுங்கள், தடுத்துவிட்ட பிறகு அவர்கள் பக்கத்தைத் திறக்கவே முடியாது.