மனப்பாடமா, விளையாட்டா: ஏழாவது டேக் வரை தாங்குவது எது?

போன கோடையில் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணையில் குறும்படம் எடுத்தோம். காட்சி சின்னதுதான். அப்பத்தாவின் சுருக்குப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்துவிட்ட எட்டு வயதுப் பாப்பா, கேட்டால் "நான் எடுக்கல" என்கிறாள். முதல் நாள் வசனம் சொல்லிக்கொடுத்து எடுத்தோம், மறுநாள் அதையே விளையாட்டாக மாற்றினோம். இரண்டையும் ஒரே குழந்தையிடம் செய்து பார்த்ததால் இதை எழுதத் துணிகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

மனப்பாடத்தின் நல்லதெல்லாம் தெரிந்ததே. வார்த்தை மாறாது, காட்சியின் நீளம் முன்கூட்டியே தெரியும், எடிட்டிங் சுலபம். மதுரைக்காரன் அதைக் குறைசொல்லவும் கூடாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் பாட்டையும் வசனத்தையும் நெட்டுரு போட்டுத்தான் வளர்ந்தார்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டுமென்றால் ஏற்ற இறக்கத்தோடு இழுத்துத்தான் பேச வேண்டும். கேமரா மூன்றடியில் நிற்கும்போது அதே இழுப்பு பொய்யாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பாப்பாவுக்கு நடந்ததும் அதுதான். அவளுடைய அம்மா அக்கறையாக வீட்டிலேயே ஒப்பிக்க வைத்துக் கூட்டிவந்திருந்தார். "நான் எடுக்கல அப்பத்தா" என்பது திருக்குறள் சொல்கிற ராகத்தில் வந்தது. கடைசி எழுத்தில் ஒரு தூக்கல். அதைவிட மோசம், அப்பத்தாவாக நடித்தவர் பேசும்போது பாப்பாவின் உதடும் கூடவே அசைந்தது. எதிராளியின் வசனத்தையும் சேர்த்துப் படித்திருக்கிறாள். தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறாளே தவிர, அங்கே சொல்லப்படுவது எதையும் கேட்கவில்லை. பேசி முடித்ததும் கண் நேராக என்னிடம் வந்தது: சரியா சொன்னேனா? உதடு, கண் இந்த இரண்டையும் மானிட்டரில் பாருங்கள். குழந்தை ஒப்பிக்கிறதா, கேட்டுப் பதில் சொல்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு முடிவைச் சொன்னது டேக் எண்ணிக்கைதான். மனப்பாடத்தில் இரண்டாவது டேக் நன்றாக இருந்தது. ஆனால் ஃபோகஸ் போய்விட்டது. மூன்றாவதில் சேவல் கூவியது. நான்கிலிருந்து வசனம் தேய ஆரம்பித்தது. "இன்னும் கொஞ்சம் பயந்து சொல்லு" என்றேன். தவறு என்னுடையது. பயப்படு என்றால் எட்டு வயதுக் குழந்தை பயத்தைப் போல ஒரு முகத்தைச் செய்துகாட்டும், வேறென்ன செய்யும்? ஒவ்வொரு திருத்தமும் அவளுக்கு நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு பாடமாகிவிட்டது. பதினோராவது டேக்கில் கண் கலங்கினாள், நிறுத்திவிட்டோம். சட்டப்படியும் நேரம் குறைவு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி குழந்தை நடிகரை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து 3 மணி நேரத்துக்குள் ஓய்வு தர வேண்டும். டேக்கைத் தேய்த்துக்கொண்டே போனால் அந்த நேரம்தான் கரையும்.

மறுநாள் வசனத் தாளைத் தொடவே இல்லை. பாப்பாவைத் தனியாக அழைத்து, மடித்த பத்து ரூபாய் நோட்டைக் கையில் வைத்தேன். "நோட்டு கையை விட்டுப் போகக் கூடாது. அப்பத்தா கண்டுபிடிக்கிறதுக்குள்ள திண்ணையை விட்டு இறங்கிட்டா நீ ஜெயிச்ச. கேட்டா, எடுக்கலன்னு மட்டும் சொல்லணும்." இவ்வளவுதான். அப்பத்தாவாக நடித்தவர் ஸ்பெஷல் நாடக மேடையில் பல வருஷம் இருந்தவர். அவரிடம் "கையைப் பிடித்து இழுக்காமல், பேச்சிலேயே விரலைத் திறக்க வையுங்கள்" என்று மட்டும் சொன்னேன். "அட, இதுக்குப் போயா தம்பி வசனம்?" என்றார்.

அவர் தலை சீவிவிடுகிறேன் என்று சீப்பை எடுத்தார். பாப்பா தலையைக் கொடுத்தாள், கையைத் தொடைக்கடியில் செருகினாள். "பை லேசா இருக்கே?" என்றதும் அவள் சீப்பைப் பார்த்தபடி "எடுக்கல" என்றாள். யாரும் இன்னும் எடுத்தாயா என்று கேட்கவே இல்லை! அந்த அவசரப் பதிலை நான் உட்கார்ந்து எழுதியிருக்கவே மாட்டேன்.

நான்காவது டேக்கில் விளையாட்டு அவளுக்குப் பழகிப்போனது. எப்படி ஜெயிப்பது என்று தெரிந்துவிட்டால் குழந்தை சலித்துவிடும். இங்கேதான் இந்த முறை காப்பாற்றுகிறது: குறிக்கோளை மாற்றலாம். அப்பத்தாவின் காதில் மட்டும், "இப்போ முறுக்கு கொடுங்கள், இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள்" என்றேன். பாப்பாவுக்கு அது தெரியாது. ஏழாவது டேக்கிலும் முதல் டேக்கின் திகைப்பு அப்படியே வந்தது. மனப்பாடத்தில் இதற்கு வழியே இல்லை. வசனத்தை மாற்றினால் மறுபடி படிக்க வைக்க வேண்டும்.

இதிலும் இடறினோம். நோட்டைப் பற்றிய நிபந்தனையை ஒரு டேக்கில் நினைவூட்ட மறந்துவிட்டேன். அவள் அதைப் பாய்க்கடியில் தள்ளிவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அபார நடிப்பு. ஆனால் அடுத்த ஷாட்டில் மூடிய கையோடு கடைக்கு ஓடுகிறாளே, ஒட்டாது. அடுத்த ஷாட்டுக்கு எது வேண்டுமோ அது விளையாட்டின் விதியாக இருக்க வேண்டும். மற்றதையெல்லாம் அவிழ்த்துவிடலாம்.

கேமரா வேலையும் கூடும். ஒவ்வொரு டேக்கிலும் கை வேறு மாதிரி போவதால், தனித்தனியாக எடுத்த குளோசப்புகள் ஒன்றோடொன்று சேராது. இரண்டு கேமரா வைத்து இருவரையும் ஒரே நேரத்தில் எடுத்தோம். கடன் வாங்கிய இரண்டாவது கேமராவின் நிறம் ஒத்துவராமல் அப்புறம் அவதிப்பட்டது தனிக் கதை. கிளாப்பையும் கடைசிக்குத் தள்ளினோம். 'ஆக்‌ஷன்' என்ற சத்தம் கேட்டாலே குழந்தை விறைக்கிறது என்பதால், விளையாட்டு நடக்கும்போதே சத்தமில்லாமல் ரோல் செய்து, முடிந்தபின் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடித்தோம். நான்கு நிமிடம் ஓடும் டேக்கில் பயன்படுவது பதினைந்து நொடிதான். மெமரி கார்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் விளையாட்டு போதும் என்று சொல்லமாட்டேன். கதைக்குத் தேவையான தகவலைக் குழந்தை வாயால் நீளமாகச் சொல்ல வேண்டுமென்றால் மனப்பாடம்தான். டப்பிங் செய்வதாக இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கவும். நாங்கள் லைவ் சவுண்டில் எடுத்ததால் தப்பித்தோம். சேவல் கெடுத்த இரண்டு வரிக்கு மட்டும் பாப்பாவை ஸ்டுடியோவில் உட்கார வைத்தோம். தானாக வந்த "எடுக்கல… இல்லல்ல… எடுக்கவே இல்ல" என்பதை அவளே திரும்ப உதட்டசைவுக்குப் பொருத்த அரை நாள் ஆனது. முழுப் படமும் டப்பிங் என்றால் என்ன ஆகும் என்று நான் செய்து பார்த்ததில்லை.

வயது விஷயத்திலும் என் அனுபவம் ஆறிலிருந்து ஒன்பது வரைதான். அதே படத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனிடம் விளையாட்டை ஆரம்பித்ததும் "மாமா, என்ன பேசணும்னு தாளைக் குடுங்க" என்றான். கொடுத்தேன். வாசித்துவிட்டு இரண்டு வரியை அடித்து, "இப்படி யாரு பேசுவா?" என்று திருப்பித் தந்தான். அவன் எழுதிக்கொடுத்ததையே எடுத்தோம்.