கமிட்டிக்கு நேரம் பார்க்கும் ஆப்: ஒரு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவனின் புலம்பல்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார், "உங்க ஸ்காலர்ஷிப் கமிட்டிக்கு ஏதோ ஓட்டெடுப்பு ஆப் வச்சிருக்கீங்களே, எங்க அபார்ட்மென்ட் சங்கத்துக்கு வாங்கலாமா?" வாட்ஸ்ஆப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், மூன்று திரைக்கு மேல் போய்விட்டது. அதனால் இங்கே. ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் எனக்குக் கோபம் அந்த ஒரு ஆப்மேல் மட்டும் இல்லை.

எங்கள் கமிட்டி பழைய மாணவர்கள் ஒன்பது பேர். மதுரைப் பக்கம் ஐந்து பேர், சென்னை, சிங்கப்பூர், லண்டன், டொரன்டோவில் ஆளுக்கு ஒருவர். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசினால் போதும். 2025 ஜனவரியில் செயலாளர் வேலை என் தலையில் விழுந்ததும் முதல் காரியமாக எல்லோருக்கும் ஓட்டெடுப்பு அனுப்பினேன். வரும் பத்து நாட்களில் எது வசதி என்று தேதிகளைக் கொடுத்தேன். செவ்வாய் இரவு 9 மணி அமோகமாக ஜெயித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது, அது பொங்கல் வாரம், பாதிப் பேர் லீவில் இருந்தார்கள். சாதாரண வாரத்தில் செவ்வாய் 9 மணிக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள்.

சரி, தேதி வேண்டாம், கிழமை மட்டும் கேட்போம் என்று மறுபடி அனுப்பினேன். இங்கே ஆப்பைப் பாராட்டியே ஆகவேண்டும். 'முடியும்', 'முடியாது' என்பதோடு 'வேண்டுமானால் வருகிறேன்' என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது தங்கம். சனிக்கிழமை இரவு 7:30க்கு எட்டு 'முடியும்', ஒரு 'முடியாது'. ஞாயிறு மாலை 6:30க்கு ஆறு 'முடியும்', மூன்று 'வேண்டுமானால்', 'முடியாது' யாருமே இல்லை. ஆப் 'முடியும்' எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சனிக்கிழமைக்குக் கிரீடம் வைத்தது. ஆனால் அந்த ஒரே 'முடியாது' எங்கள் பொருளாளர் அக்கா. அவர் இல்லாமல் கூடினால் காசோலை பற்றி ஒரு முடிவும் எடுக்க முடியாது, காபி குடித்துவிட்டுக் கலைய வேண்டியதுதான். கிரீடத்தைக் கழற்றி ஞாயிறுக்கு வைத்தேன்.

இன்னொன்று, அடுத்தவர் போட்ட ஓட்டு தெரியும்படி விடாதீர்கள். இப்படிப்பட்ட ஓட்டெடுப்புகளை வைத்து ஜேம்ஸ் ஸௌ, ரெஷெஃப் மெய்ர், டேவிட் பார்க்ஸ் மூவரும் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிறர் ஓட்டு தெரிகிற இடத்தில் ஆட்கள் அதிக நேரங்களுக்குத் தலையாட்டுகிறார்கள், அதுவும் ஏற்கெனவே ஜெயிக்கிற நேரத்துக்கும், எப்படியும் தோற்கப்போகிற நேரத்துக்கும்தான் அந்தக் கூடுதல் தலையாட்டல் என்று அதில் வருகிறது. எப்படியும் வராத நேரத்துக்குச் சரி சொல்லி நல்ல பெயர் வாங்கும் வித்தை எங்கள் கமிட்டிக்கும் தெரியும். மறைத்து வைத்த பிறகு பதில்கள் குறைந்தன, ஆனால் நம்பும்படி இருந்தன.

இதுவரை எல்லாம் சுகம். இரண்டாவது ஞாயிறு, மாலை 6:30 என்று முடிவானது. சிங்கப்பூருக்கு இரவு 9, லண்டனுக்கு மதியம் 1, டொரன்டோவுக்குக் காலை 8. வீடியோ கணக்கு டொரன்டோ அண்ணனுடையது என்பதால் அழைப்பை அவரே போட்டார். பிப்ரவரி 9ஆம் தேதி கூட்டம் அருமையாக நடந்தது. மார்ச் 9 அன்று நாங்கள் 6:30க்கு உள்ளே போனால் அண்ணன் "சரி, அப்போ முடிச்சுக்கலாமா" என்று லண்டன் தம்பியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். எங்கள் காலண்டர்களும் உண்மையில் 5:30 என்றுதான் காட்டியிருக்கின்றன, ஆனால் மனசுக்குள் 6:30 என்று பதிந்துவிட்டதால் யாரும் பார்க்கவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் அந்த அழைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். காலண்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி இருக்கிறது, 2009இல் வந்த ஆர்எஃப்சி 5545. அதில் எங்கள் கூட்டம் இவ்வளவுதான்:

```
DTSTART;TZID=America/Toronto:20250209T080000
RRULE:FREQ=MONTHLY;BYDAY=2SU
```

இரண்டாவது வரி மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு என்கிறது. வினை முதல் வரியில் இருந்தது. கூட்டம் 'டொரன்டோவில் காலை 8 மணி' என்று பதிவாகியிருக்கிறது, 'மதுரையில் மாலை 6:30' என்று இல்லை. அழைப்பை யார் போடுகிறாரோ அவர் ஊர்க் கடிகாரத்தில் முளையடித்துவிடுகிறார்கள், மற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. டொரன்டோவில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அதைத் தள்ளும் நாள் எது தெரியுமா? மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு. எங்கள் கூட்ட நாளேதான்! எந்த வருடமானாலும் மார்ச் கூட்டம் அந்த நாளில்தான் வந்து விழும். லண்டன் கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு, அதனால் அந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் லண்டனுக்கும் டொரன்டோவுக்கும் இடைவெளி ஐந்து மணி இல்லை, நான்கு. இதை நான் வேண்டுமென்றே திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

கோபத்தில் அந்தத் தொடரையே அழித்துவிட்டு என் காலண்டரிலிருந்து புதிதாகப் போட்டேன்.

```
DTSTART;TZID=Asia/Kolkata:20250413T183000
RRULE:FREQ=MONTHLY;BYDAY=2SU
```

நம் ஊரில் கடிகாரத்தை யாரும் தள்ளுவதில்லை, சிங்கப்பூரிலும் இல்லை. இனி 6:30 என்றால் 6:30. வெற்றி என்று நினைத்தேன். ஏப்ரல், மே இரண்டு கூட்டத்திலும் டொரன்டோ அண்ணனைக் காணோம். கேட்டால், "தம்பி, நான் எட்டு மணிக்குத்தானே ஓகே போட்டேன், இப்போ ஒன்பது ஆயிடுச்சு, பையனுக்கு நீச்சல் வகுப்பு" என்கிறார்.

என் எரிச்சலின் மையம் இதுதான், ஒரு வருடமாக இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். கிழமை ஓட்டெடுப்பில் தேதி கிடையாது. தேதி இல்லாவிட்டால் மதுரை 6:30 டொரன்டோவில் எட்டா ஒன்பதா என்று சொல்லவே முடியாது. எங்கள் ஆப் அதைப் பற்றி வாயே திறக்காமல், கேட்ட அன்றைய நாளின் வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு, ஜனவரியில் 'காலை 8' என்று காட்டியது. அண்ணன் பாவம், பார்த்ததற்குப் பதில் சொன்னார். அந்தப் பதில் நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரைக்கும் மட்டும்தான் உண்மை. ஓட்டெடுப்பு ஒரு பக்கம், மாதாமாத விதி இன்னொரு பக்கம், இரண்டையும் ஒரே ஆப்பில் வைத்து விற்கிறார்கள், ஆனால் "இந்த நேரம் யார் ஊர்க் கடிகாரப்படி?" என்ற ஒரு கேள்வியை எந்தப் பக்கத்திலும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி!

கடைசியில் நானே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். கிழமை ஓட்டெடுப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு, தேதி ஓட்டெடுப்பிலேயே ஒரு ஞாயிறு ஜூலை 13, இன்னொரு ஞாயிறு டிசம்பர் 14 என்று, கோடையில் ஒன்றும் குளிர்காலத்தில் ஒன்றும் கொடுத்தேன். "அன்றைக்கு ஊரில் இருப்பீர்களா என்று யோசிக்காதீர்கள், அந்தப் பருவத்தில் வழக்கமான ஞாயிறு என்று நினைத்துப் பதில் போடுங்கள்" என்று மேலே ஒரு வரி. இரண்டு நாளுக்கும் 5:30, 6:30 இரண்டையும் வைத்தேன். டிசம்பரில் 6:30தான் எல்லோருக்கும் ஒத்துவந்தது. ஜூலையில் 5:30 ஒன்பது பேருக்கும் சரி! சிங்கப்பூர்க்காரருக்கு இரவு 9க்குப் பதில் 8, லண்டன் தம்பிக்கு எப்போதும்போல மதியம் 1, அண்ணனுக்குக் காலை 8, பொருளாளர் அக்காவுக்கும் 5:30இல் பிரச்சினை இல்லை.

கவனித்தீர்களா? கோடையில் 5:30, குளிரில் 6:30. அண்ணன் தெரியாத்தனமாக முதலில் போட்டாரே, அதே அழைப்பு. நான் திட்டி, அழித்து, மார் தட்டிக்கொண்டு மாற்றிய அதே விதி. ஆகஸ்டிலிருந்து மறுபடி `TZID=America/Toronto` என்று போட்டுக்கொடுத்தார், நான் வாயை மூடிக்கொண்டேன். கடிகாரம் மாறுகிற ஊரில் காலை நேரம் இறுக்கமாக உள்ளவர் இருந்தால் அங்கேதான் முளையடிக்க வேண்டும், நமக்கு ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் முன்னே பின்னே போனால் குடி முழுகாது. "நம்ம ஊர் கடிகாரம் எதுக்குப்பா கனடாவுக்கு ஆடணும்" என்று தலைவர் சார் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆப் இதற்கெல்லாம் உதவியதா என்றால் இல்லை. நவம்பர் 9 அன்று நேரம் திரும்ப 6:30க்குப் போனபோது ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை, மதுரையில் மூன்று பேர் 5:30க்கே வந்து ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொங்கலும் உண்டு. இரண்டாவது ஞாயிறு எப்போதும் 8க்கும் 14க்கும் நடுவில்தான் வரும், ஆக ஜனவரிக் கூட்டம் வருடாவருடம் பொங்கல் பரபரப்பில் மாட்டும். பழைய தொடரில் ஜனவரியை விலக்கி வைத்திருந்தேன். தொடரை அழித்து மாற்றியபோது அந்த விலக்கும் அதோடு செத்துவிட்டது. ஜனவரி 11 அன்று லண்டன் தம்பி தனியாக உட்கார்ந்திருந்தான். இப்போது இந்த வரியை நானே கையால் சேர்த்துக்கொள்கிறேன், விதியில் உள்ள நேரமும் ஊரும் அப்படியே இதிலும் இருக்கவேண்டும், நேரம் பிசகினால் விலக்கு வேலை செய்யாது:

```
EXDATE;TZID=America/Toronto:20270110T080000
```

நண்பருக்குப் பதில்: உங்கள் சங்கத்தில் எல்லோரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள், வாட்ஸ்ஆப் ஓட்டெடுப்பில் பன்னிரண்டு விடை வரை வைக்கலாம், அது போதும், காசைத் தண்டம் செய்யாதீர்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஆண்டுச் சந்தாவைப் போன மாதமே புதுப்பித்துவிட்டேன். அந்த 'வேண்டுமானால் வருகிறேன்' பொத்தானை விட மனசில்லை.

மார்ச் 8 கூட்டம் மாலை 5:30 என்று குழுவில் பின் செய்து வைத்திருக்கிறேன். தலைவர் சார் கட்டைவிரல் போட்டிருக்கிறார். 6:30க்குத்தான் வருவார்.