42 ஸ்லைடு பி.எஃப் பிபிடியை நான்கு மெயிலாகப் பிரித்து மூன்று வருடம் அனுப்பிய அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு பி.எஃப் பற்றி விளக்குவது என் வேலை. கையில் 42 ஸ்லைடு பிபிடி ஒன்று இருந்தது. ஒரு மணி நேரம் பேசுவேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து வேலையை விட்டுப் போகிறவர் வந்து, "அக்கா, பி.எஃப் பணத்தை மொத்தமா எடுத்துடலாமா?" என்று கேட்பார். அதனால்தான் நான்கு மெயில்களாகப் பிரித்தேன்.

முதல் முறை தப்பாகப் பிரித்தேன். பத்துப் பத்து ஸ்லைடாக வெட்டி, படமாகவே மெயிலில் ஒட்டிவிட்டேன். போனில் எழுத்து தெரியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு ஸ்லைடையும் அடுத்ததையும் இணைக்கும் பேச்சு என் வாயில்தான் இருந்தது, பிபிடியில் இல்லை.

அடுத்த முறை ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு வரி எழுதினேன்: இது புரிய முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும்? அப்போதுதான் வரிசையே தலைகீழாக இருப்பது தெரிந்தது. வேலை மாறும்போது கணக்கை மாற்றும் முறை 6-வது ஸ்லைடில் இருந்தது; பென்ஷன் 30-க்கு மேல். மாற்றுவது ஏன் முக்கியம் என்பதோ பென்ஷன் தெரிந்தால்தான் புரியும். 1952 சட்ட வரலாறு பேசிய ஐந்து ஸ்லைடுகளை எதுவும் சார்ந்திருக்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டேன்.

இப்போதைய வரிசை இது. முதல் மெயிலில் ஒரே வேலை: பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்து, உங்கள் பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் என்ற மூன்று கட்டங்களைப் பாருங்கள். விளக்கம் எதுவும் கிடையாது. இரண்டாவது, அங்கே எல்லோருக்கும் எழும் கேள்வி: கம்பெனி பங்கு ஏன் குறைவு? அடிப்படைச் சம்பளம் 25,000 என்றால் உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம், 3,000. கம்பெனியும் 3,000 போடுகிறது. ஆனால் அதில் 1,250 பென்ஷனுக்குப் போகிறது (15,000 உச்சவரம்பில் 8.33 சதவீதம்). மீதி 1,750 தான் கம்பெனி பங்கு கட்டத்தில் தெரியும்.

மூன்றாவது, அந்த 1,250 எதற்கு? பென்ஷன் கணக்கில் வட்டி சேராது. அதே 15,000 உச்சவரம்புக்கு உட்பட்ட சம்பளத்தை சேவை வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். குறைந்தது 10 வருட சேவை வேண்டும். நான்காவதுதான் வேலை மாற்றம். ஒருவர் முதல் கம்பெனியில் 6 வருடம், அடுத்ததில் 8 வருடம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கை மாற்றியிருந்தால் 14 வருடம்: 15,000 × 14 ÷ 70, 58 வயதில் மாதம் 3,000. முதல் கம்பெனியை விடும்போதே பென்ஷன் பணத்தையும் எடுத்திருந்தால் கையில் 8 வருடம்தான், மாதப் பென்ஷன் இல்லை. மூன்றாவது மெயிலைப் படித்தவருக்கு இங்கே நான் எதையும் வலியுறுத்த வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடுகிறது.

இடைவெளியில் ரொம்ப நாள் தடுமாறினேன். தினம் ஒன்று அனுப்பினால் முதல் மெயிலிலேயே நிற்கிறார்கள். யுஏஎன் என்ற பி.எஃப் எண்ணை ஆக்டிவேட் செய்து, பாஸ்வேர்டு உருவாக்கவே சிலருக்கு நாலு நாள் ஆகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு வாரம் என்றால், இரண்டாவது எழுப்பிய கேள்வி மூன்றாவது வருவதற்குள் மறந்துபோகிறது. இப்போது முதல் மெயிலுக்குப் பின் ஒரு வாரம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இரண்டே நாள், கடைசிக்கு முன் நான்கு நாள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. ஐபோன் மெயில் செயலி படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவைப்பதால், படிக்காதவரும் படித்ததாகக் கணக்கில் வருவார். பதில்களைத்தான் பார்க்கிறேன். மூன்றாவது மெயிலுக்கு முதல் மெயிலின் கேள்வி வந்தால், எங்கோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். முதல் வருடம் அப்படி வந்த பதில்: "மேடம், எனக்கு பென்ஷன் கட்டத்தில் 0 இருக்கே?" ஒன்றல்ல, ஐந்தாறு பேர். 2014 செப்டம்பர் முதல் 15,000-க்கு மேல் சம்பளத்தில் முதன்முதலாக பி.எஃபில் சேர்ந்தவர்கள் பென்ஷன் திட்டத்தில் வரமாட்டார்கள். கம்பெனியின் 12 சதவீதமும் பி.எஃபுக்கே போகும். கூட்டத்தில் வாயால் சொல்லிக் கடந்துபோன விஷயம், மெயிலில் இல்லை. இப்போது இரண்டாவது மெயிலிலிருந்து இரண்டு வடிவங்கள் வைத்திருக்கிறேன். முதல் மெயிலில் பார்த்த பென்ஷன் கட்டத்தின் தொகையைப் பதிலாக எழுதச் சொல்லி, அதை வைத்துப் பிரிக்கிறேன்.

ஒவ்வொரு முறை அனுப்பும் முன்னும் விதிகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. பணம் எடுக்கும் விதிகள் அடிக்கடி மாறுவதால் அதைத் தொடரில் சேர்க்கவே இல்லை, கேட்பவருக்கு மட்டும் நேரில் சொல்கிறேன். மெயில் பார்க்காத தொழிலாளர்களுக்கு இன்னும் கூட்டம்தான். ஆனால் அங்கேயும் இப்போது இதே வரிசையில் பேசுகிறேன், பாஸ்புக் பிரிண்டைக் கையில் கொடுத்துவிட்டு.